“உள்ளேன் ஐயா”: பேரிடர் நாளில் பணியாளர்களைக் கணக்கெடுக்க ஒரு தொலைபேசி மரம்

2022 செப்டம்பர் 5, திங்கட்கிழமை. முந்தைய நாள் இரவு முழுவதும் கொட்டிய மழையில், காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் பெங்களூரு நகரில் 131.6 மில்லிமீட்டர் பதிவாகியிருந்தது. பெள்ளந்தூர், ஏமலூர், சர்ஜாபூர் சாலை, வெளிவட்டச் சாலை ஆகிய பகுதிகள் நீரில் மிதந்தன. தகவல் தொழில்நுட்ப நிறுவன ஊழியர்கள் டிராக்டர்களில் ஏறி அலுவலகம் சென்ற காட்சியை நாடே பார்த்தது. கிழக்குப் பகுதிகள் இவ்வாறு தத்தளித்தபோது, நகரின் வேறு பல இடங்களில் கடைகளும் அலுவலகங்களும் வழக்கமான நேரத்தில் திறந்தன.

அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் இடையே உள்ள ஜோகுபாளையத்தில் நாற்பது பேர் பணிபுரியும் ஒரு நிறுவனத்தை நடத்துபவராக உங்களை எண்ணிக்கொள்ளுங்கள். அலுவலக வாசலில் நீர் தேங்கவில்லை. ஆனால் உங்களிடம் வேலை செய்பவர்கள் ஜோகுபாளையத்தில் மட்டுமா குடியிருக்கிறார்கள்? ஒருவர் வர்த்தூரிலிருந்து வருகிறார், இன்னொருவர் மாரத்தஹள்ளியிலிருந்து. காலை ஆறரைக்கே இருசக்கர வாகனத்தில் புறப்பட்டிருக்கக்கூடியவர்களும் உண்டு. அவர்கள் இப்போது எங்கே, எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை எத்தனை நிமிடங்களில் உங்களால் சொல்ல முடியும்?

பெரும் நிறுவனங்கள் இதற்கெனத் தனி மென்பொருள் வைத்திருக்கின்றன. சிறு நிறுவனத்துக்கு அது தேவையில்லை. ஒரு தாள், சில கைப்பேசிகள், முன்கூட்டியே பேசி வைத்த ஓர் ஒழுங்கு ஆகியவை போதும். அந்த ஒழுங்குக்குத் தொலைபேசி மரம் என்று பெயர். மேலே இருப்பவர் ஐந்து பேரை அழைப்பார். அந்த ஐவரும் தத்தம் கிளையில் உள்ளவர்களை அழைப்பார்கள். இவ்வளவு பலருக்கும் தெரியும். ஆனால் பல அலுவலகங்களில் இந்த மரம் செய்தியைக் கீழே கொண்டு செல்வதோடு நின்றுவிடுகிறது. “இன்று விடுமுறை” என்ற செய்தி எல்லோரையும் சேர்ந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் மேலிருந்து கீழே போவது பாதி வேலைதான். கீழிருந்து பதில் மேலே வந்து, பட்டியலில் உள்ள கடைசிப் பெயருக்கு நேரே ஒரு குறி விழும்போதே கணக்கு முடிகிறது. பள்ளியில் ஆசிரியர் பெயர் வாசிக்க, “உள்ளேன் ஐயா” என்று ஒவ்வொருவரும் குரல் கொடுத்தது போன்றது இது. ஆசிரியரின் கண் குரல் கொடுத்தவர் பக்கம் திரும்புவதில்லை. குரல் வராத இருக்கையையே தேடும்.

நிமிடக் கணக்கு

42 பேர் உள்ள ஒரு நிறுவனத்தைப் பயிற்சிக்காக எடுத்துக்கொள்வோம். ஒருவரை அழைத்து, மணி அடித்து, பேசி, குறித்து முடிக்கச் சராசரியாக மூன்று நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். மேலாளர் ஒருவரே மற்ற 41 பேரையும் அழைத்தால் 123 நிமிடம், அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும் காலையில் அது மிக நீண்ட நேரம். அத்துடன் அவருடைய கைப்பேசி அவ்வளவு நேரமும் பேச்சில் இருப்பதால், உதவி கேட்டு அழைப்பவருக்கு அது கிடைக்காது.

இப்போது 41 பேரையும் ஐந்து கிளைகளாகப் பிரிப்போம். கிளைத் தலைவரையும் சேர்த்து இரண்டு கிளைகளில் ஒன்பது பேர், இரண்டில் எட்டுப் பேர், ஒன்றில் ஏழு பேர். மேலாளர் ஐந்து தலைவர்களை மட்டும் அழைக்கிறார்; அது 15 நிமிட வேலை. முதலில் அழைக்கப்பட்ட தலைவர் மூன்றாவது நிமிடத்திலேயே தம் கிளையை அழைக்கத் தொடங்கிவிடுவார். பாதிப்பு மிகுந்த பகுதிகளின் கிளைகளை முதலில் அழைத்தால், அவற்றின் அழைப்புகள் 27 ஆவது நிமிடத்துக்குள்ளும், எல்லாக் கிளைகளின் அழைப்புகளும் 36 ஆவது நிமிடத்துக்குள்ளும் முடிந்துவிடும். ஒரு தலைவருக்கு எட்டு அழைப்புகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் போனால் களைப்பினாலும் அவசரத்தினாலும் குறிப்பெடுப்பது தளர்ந்துவிடும்.

கிளைகளை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். கணக்குப் பிரிவு ஒரு கிளை, விற்பனைப் பிரிவு ஒரு கிளை என்று அலுவலக வரிசைப்படி பிரிப்பது எளிது. பட்டியல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆனால் பேரிடர் வேலைப் பிரிவு பார்த்து வருவதில்லை, பகுதி பார்த்து வருகிறது. ஆகவே குடியிருக்கும் இடத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் முதல் கிளை ஜோகுபாளையமும் அல்சூரும். இரண்டாவது இந்திரா நகர், தொம்மலூர். மூன்றாவது மாரத்தஹள்ளி, வர்த்தூர், ஒயிட்ஃபீல்ட். நான்காவது பெள்ளந்தூர், சர்ஜாபூர் சாலை. ஐந்தாவது ஃபிரேசர் டவுன், லிங்கராஜபுரம்.

இவ்வாறு பிரிப்பதன் பயன் தொலைபேசி ஓய்ந்த பிறகே முழுமையாகத் தெரியும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னையில் பெருவெள்ளம் வந்தபோது பல பகுதிகளில் மின்சாரம் நின்றது, கைப்பேசிக் கோபுரங்கள் அடங்கின. 1878 இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழின் சென்னைப் பதிப்பு அந்த டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்குப் பணியாளர்களால் போய்ச் சேர முடியாததே காரணம். அத்தகைய நாளில் அழைப்பு பயன்படாது; அருகில் இருப்பவரின் கால்தான் பயன்படும். ஒரே தெருவிலோ அடுத்த குடியிருப்பிலோ இருக்கும் இருவர் ஒரே கிளையில் இருந்தால், ஒருவர் மற்றவரின் கதவைத் தட்டிப் பார்த்துவர முடியும். விற்பனைப் பிரிவின் தலைவர் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு என்ன செய்வார்?

ஒவ்வொரு கிளைக்கும் தலைவரோடு ஒரு துணைத் தலைவரும் வேண்டும். தலைவர் இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை என்றால் மேலாளர் காத்திருக்காமல் துணைத் தலைவரை அழைத்து, “இன்று கிளை உங்கள் கையில்” என்று சொல்லிவிட வேண்டும். இந்த விதி எழுத்தில் இல்லாவிட்டால், பதில் தராத ஒருவரால் எட்டுப் பேர் இருளில் நிற்பார்கள். மேலாளருக்கும் இதே போல ஒரு மாற்று ஆள் தேவை. மேலாளரே வெள்ளப் பகுதியில் குடியிருக்கலாம் அல்லவா?

என்ன கேட்பது, எப்படிப் பதில் சொல்வது

வாய்மொழியாகச் செல்லும் செய்தி மூன்றாவது ஆளிடம் போகும்போது உரு மாறிவிடும். “அலுவலகம் வர வேண்டியதில்லை” என்பது “அலுவலகம் மூழ்கிவிட்டதாம்” என்று ஆகிவிடக்கூடும். எனவே மேலாளர் சொல்வதை ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டி, அப்படியே கீழே சொல்ல வேண்டும். செய்தியில் மூன்றே செய்திகள் போதும்: என்ன நடந்திருக்கிறது, இப்போது உங்களிடம் கேட்பது என்ன, அடுத்த செய்தி எத்தனை மணிக்கு வரும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால், எல்லோரும் மேலாளரையே திரும்ப அழைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பதிலுக்கு ஒரே வடிவம் வேண்டும். பெங்களூருவில் ஒரு சிறு அலுவலகத்திலேயே தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி பேசுபவர்கள் சேர்ந்து இருப்பார்கள். எண்கள் மட்டும் கொண்ட பதில் எல்லோருக்கும் பொது. இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துருக்கள் அடங்கும். தமிழிலோ கன்னடத்திலோ எழுதினால் 70 தான் அடங்கும், அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். நீளும் செய்தி துண்டுகளாகப் பிரிந்து போகும். நெரிசலில் ஒரு துண்டு வராமல் போனால் செய்தி அரைகுறையாகிவிடும். ஆகவே பதில் இப்படி இருக்கட்டும்:

```
23 1 1 0705
```

முதல் எண் பணியாளரின் வரிசை எண். இரண்டாவது அவருடைய நிலை: 1 என்றால் நலம், 2 என்றால் உதவி வேண்டும், 3 என்றால் உயிருக்கு ஆபத்து. மூன்றாவது இடம்: 1 வீடு, 2 வழி, 3 அலுவலகம், 4 வேறிடம். கடைசியில் உள்ளது நேரம். மேலே உள்ள வரியின் பொருள், “23 ஆம் எண் பணியாளர் நலம், வீட்டில் இருக்கிறார், எழுதிய நேரம் காலை 7.05”. 3 என்று அனுப்ப வேண்டிய நிலையில் இருப்பவர் முதலில் 112 ஐ அழைத்துவிட்டுப் பிறகே அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இதை அட்டையிலேயே அச்சிட்டுவிடுங்கள். அலுவலகம் மீட்புப் படை ஆகாது.

நேரத்தை எழுதச் சொல்வது சிலருக்கு வேண்டாத வேலையாகத் தோன்றலாம். குறுஞ்செய்தி நேரே ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொன்றுக்குப் போவதில்லை. நிறுவனத்தின் ஒரு மையத்தில் தங்கி, பெறுபவரின் கைப்பேசி தொடர்புக்கு வரும்போது போய்ச் சேர்கிறது. பேச்சுக்கு வழி கிடைக்காத நெரிசலிலும் அது பெரும்பாலும் நுழைந்துவிடுவதற்கு, அது குறைந்த இடத்தையே கேட்பதும் காத்திருக்கத் தெரிந்திருப்பதும் காரணங்கள். ஆனால் காத்திருந்து வருவதால் ஏழு மணிக்கு எழுதிய “நலம்” ஒன்பது மணிக்கு வந்து சேரலாம். இடையில் இரண்டு மணி நேரம் நீர் ஏறியிருக்கும். எழுதிய நேரம் இல்லாத “நலம்” எந்த நேரத்து நலம் என்று யாருக்கும் தெரியாது. உதவி கேட்டு அனுப்பிய செய்தியும் நலம் என்ற செய்தியும் முன்பின் மாறி வந்தால், எது புதியது என்று சொல்வதும் அந்த நான்கு இலக்கங்களே.

இந்த வடிவத்தில் வேண்டுமென்றே விட்ட ஒன்றும் உண்டு: “இன்று வேலைக்கு வர முடியுமா?” என்ற கேள்வி. அதை இதனோடு சேர்த்துக் கேட்டால், நலமாக இருப்பவர் தம் நிலையைச் சற்று மிகைப்படுத்தவும், இடரில் இருப்பவர் வேலையை எண்ணி மறைக்கவும் இடம் உண்டாகிறது. ஆளைக் கணக்கெடுத்து முடித்த பிறகு, வேலையைப் பற்றித் தனியாகக் கேட்பதே முறை.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி எழும். இணையம் கிடைக்கும் வரை குழு நல்ல கருவிதான். ஆனால் 42 பேர் உள்ள குழுவில் இருபது பேர் “நலம்” என்றும், பத்துப் பேர் வெள்ளப் படங்களும் அனுப்பினால், பதில் தராதவர் யார் என்று தேட மேலும் கீழும் உருட்ட வேண்டியிருக்கும். இரட்டைக் குறி விழுந்தால் செய்தி கைப்பேசிக்குப் போய்விட்டது என்று மட்டுமே பொருள். அதை வைத்திருப்பவர் நலம் என்று பொருளில்லை. குழுவைச் செய்தி சொல்லப் பயன்படுத்துங்கள். பதில் மட்டும் கிளைத் தலைவருக்குத் தனியே போகட்டும். நிறுவனத்தின் பெயரில் மொத்தக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று எண்ணுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 ஆம் ஆண்டு விதிகளின்படி அனுப்புநர் பெயரும் செய்தியின் வாசக வடிவமும் முன்னரே பதிவாகியிருக்க வேண்டும். மழை தொடங்கிய பிறகு அதற்கு ஏற்பாடு செய்ய இயலாது.

கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியுள்ள திட்டம் இல்லாதவர்களும் உண்டு. துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர், ஓட்டுநர் ஆகியோரில் சிலர் எழுதுவதைவிட அழைப்பதையே விரும்புவார்கள். இவர்களுக்கு நம் நாட்டார் கண்டுபிடித்த வழியே சிறந்தது: ஒரு மிஸ்டு கால். கிளையின் துணைத் தலைவர் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் என்றால் “நலம்”. அடுத்தடுத்து இரண்டு என்றால் “என்னை அழையுங்கள்”. தலைவரின் எண்ணுக்கு அனுப்பக் கூடாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார், வந்த அழைப்பு கவனத்தில் படாது.

கிளைத் தலைவர் மேலே அனுப்புவதும் ஒரு வரிதான்:

```
3 8 5 1 0 2
```

மூன்றாவது கிளை, மொத்தம் எட்டுப் பேர், நலம் ஐந்து, உதவி வேண்டுவோர் ஒன்று, ஆபத்தில் யாருமில்லை, பதில் இல்லாதவர் இரண்டு. கடைசி நான்கு எண்களைக் கூட்டினால் எட்டு வர வேண்டும். வராவிட்டால் யாரோ ஒருவர் இருமுறை எண்ணப்பட்டிருக்கிறார் அல்லது விடுபட்டிருக்கிறார். அன்றாட வரவுசெலவில் ஒரு ரூபாய் இடித்தாலும் வங்கிக் காசாளர் வீட்டுக்குப் போவதில்லை. இங்கே இடிப்பது ஓர் ஆள்.

ஒரு காலைப் பொழுது

2022 செப்டம்பர் 5 போன்ற ஒரு காலையில் நம் 42 பேரின் மரம் எப்படி இயங்கும் என்று நடத்திப் பார்ப்போம். பின்வருவது பயிற்சிக்காக அமைத்த கணக்கு.

ஏழு மணிக்கு மேலாளர் தொடங்குகிறார். மூன்றாவது கிளைத் தலைவர் உடனே எடுக்கிறார். நான்காவது கிளையான பெள்ளந்தூர்த் தலைவர் இரண்டு முறையும் எடுக்கவில்லை. துணைத் தலைவரிடம் கிளை கைமாறுகிறது. அதில் மூன்று நிமிடம் கழிந்ததால், 36 க்குப் பதிலாக 39 ஆவது நிமிடத்தில் கடைசி அழைப்பு முடிகிறது. 7.45 க்குள் ஐந்து வரிகளும் வந்துவிட்டன:

```
1 9 8 0 0 1
2 9 9 0 0 0
3 8 5 1 0 2
4 8 3 2 0 3
5 7 7 0 0 0
```

நலம் 32, உதவி வேண்டுவோர் 3, பதில் இல்லாதவர் 6, மொத்தம் 41. மேலாளரைச் சேர்த்தால் 42. கணக்கு நேராகிவிட்டது. உதவி கேட்ட மூவரும் வீட்டில் இருக்கிறார்கள். கிளையில் உள்ள ஒருவர் அவர்களோடு தொடர்பில் இருக்கிறார். இனி மேலாளரின் கவனம் முழுவதும் அந்த ஆறு பெயர்கள் மீதே இருக்க வேண்டும். நலமாக இருக்கும் 33 பேரோடு பேசிக்கொண்டிருப்பது மனத்துக்கு இதம், பயன் இல்லை.

8.20 க்கு இரண்டு செய்திகள் தாமதமாக வந்து சேர்கின்றன, மூன்றாவது கிளையிலிருந்து ஒன்று, நான்காவதிலிருந்து ஒன்று. இரண்டும் ஏழேகாலுக்கு எழுதியவை, இருவரும் வீட்டில். எழுதி ஒரு மணி நேரம் ஆகிவிட்டதால் கிளைத் தலைவர் ஒருமுறை பேசி உறுதிசெய்கிறார். ஆறு நான்காகிறது.

நான்காவது கிளையில் மூன்றாமவரின் எண் “தற்போது பயன்பாட்டில் இல்லை” என்கிறது. இடருக்கும் இதற்கும் தொடர்பில்லை. நான்கு மாதத்துக்கு முன் அவர் எண்ணை மாற்றிவிட்டார். வங்கிக் கணக்கில் மறக்காமல் மாற்றியவர் அலுவலகப் பட்டியலில் மாற்றவில்லை. பட்டியலில் இருந்த வீட்டாரின் இரண்டாவது எண்தான் அவரைக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு எண்கள் தேவைப்படுவதும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை முன்னறிவிப்பின்றி மரத்தை இயக்கிப் பார்க்க வேண்டியிருப்பதும் இதனால்தான். அந்த ஒத்திகையில் கிடைக்கும் பெரும் பலன் எப்போதும் செத்த எண்களின் பட்டியல்தான்.

நான்காவது கிளைத் தலைவரைப் பற்றி ஒரு செய்தி வருகிறது: “அவர் நேற்றிரவே உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாராம்.” இங்கே மேலாளர் உறுதியாக நிற்க வேண்டும். “ஆம்” என்று முடியும் செய்தி கணக்கில் சேராது. ஆள் தானே சொல்ல வேண்டும், அல்லது அவரை நேரில் பார்த்தவர் “நான் பார்த்தேன்” என்று தம் எண்ணையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை அவர் பதில் இல்லாதவர்தான். ஒன்பது மணிக்கு அதே குடியிருப்பில் இருக்கும் சக பணியாளர் படியேறிப் போய்ப் பார்க்கிறார். தரைத்தளத்து வீட்டில் நீர் புகுந்து, கைப்பேசி நனைந்து, தலைவர் குடும்பத்தோடு மூன்றாம் மாடியில் இருக்கிறார். உறவினர் வீடு என்ற செய்தி எங்கிருந்து பிறந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை. இப்படிப்பட்ட செய்திகளுக்கு எப்போதும் தாய் தந்தை இருப்பதில்லை.

முதல் கிளையின் ஒருவர் இரவுக் காவலர். ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர்; பல அலுவலகங்களில் இத்தகையவர் பெயர் பட்டியலிலேயே இருக்காது. இங்கே இருந்தது. கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்ததால் பதில் இல்லை. கிளைத் தலைவர் ஜோகுபாளையத்திலேயே குடியிருப்பதால் நடந்து போய்ப் பார்க்கிறார். காவலர் அலுவலகத்தில்தான் இருக்கிறார். பகல் காவலர் வராததால் பணியை விட்டுப் போக முடியாமல், காலை உணவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். பட்டியலில் பெயர் இல்லாதிருந்தால் அவரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

எஞ்சியவர் ஒருவர், 31 ஆம் எண். வர்த்தூரிலிருந்து ஆறரைக்கு வண்டியில் கிளம்பியதாக வீட்டார் சொல்கிறார்கள். இந்த இடத்தில் என்ன செய்வது என்பது முன்னரே எழுதி வைத்திருக்க வேண்டிய ஒன்று. அப்போது யோசித்தால் பதற்றமே முந்தும். வீட்டாருடன் பேசி, புறப்பட்ட நேரம், வழி, வண்டி எண் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் எண்ணுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும் போக வேண்டும். ஆளுக்கு ஆள் அழைத்து அவர் கைப்பேசியின் மின்னூட்டத்தைத் தீர்க்கக் கூடாது. புறப்பட்டு மூன்று மணி நேரம் ஆகியும் தகவல் இல்லையென்றால் 112 இல் அந்த மூன்று விவரங்களையும் கொடுக்க வேண்டும். ஒன்று மட்டும் செய்யக் கூடாது: அவரைத் தேட இன்னொரு பணியாளரை நீருக்குள் அனுப்புவது. அப்போது பட்டியலில் இரண்டு பெயர்கள் காலியாகும். நம் கணக்கில் ஒன்பதேகாலுக்கு இந்த வரி வருகிறது:

```
31 2 2 0910
```

வழியில் இருக்கிறார், உதவி வேண்டும். வண்டி நின்றுவிட்டது, மேடான ஒரு கடை வாசலில் பலரோடு நிற்கிறார். நேரம் எழுதப்பட்டிருப்பதால் ஐந்து நிமிடத்துக்கு முந்தைய நிலை என்று தெரிகிறது. ஆறும் முடிந்தன.

பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்திருங்கள். நனையாத உறையில் இட்ட ஒரு சிறு அட்டை போதும். கிளைத் தலைவரிடம் அவருடைய கிளையும் மேலாளர் எண்களும் மட்டும் இருக்கட்டும். முழுப் பட்டியல் இருவரிடமோ மூவரிடமோ இருந்தால் போதும். பெண் பணியாளர்களின் எண்களும் முகவரிகளும் ஊரெங்கும் சுற்ற வேண்டியதில்லை. கணக்கெடுப்பு அழைப்பில் வங்கிக் கணக்கு எண், ஆதார், ஓடிபி எதுவும் ஒருபோதும் கேட்கப்படாது என்பதையும் அட்டையின் பின்புறத்தில் அச்சிடலாம். வெள்ள நிவாரணம் என்ற பெயரில் வரும் மோசடி அழைப்பை அடையாளம் காண அது உதவும்.

ஊருக்கு வெளியே ஒரு எண் வைத்துக்கொள்வதும் நல்லது. கோவையிலோ ஓசூரிலோ உங்களுக்குக் கிளை அலுவலகமோ நம்பிக்கையான பங்காளியோ இருந்தால், பெங்களூருவுக்குள் தலைவரை எட்ட முடியாதவர் தம் ஒருவரிப் பதிலை அங்கே அனுப்பட்டும். அவர் தொகுத்து மேலாளரிடம் சேர்ப்பார். ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்தின்போது நகருக்குள் அழைப்புகள் நெரித்துத் திணறிய பின், தொலைபேசி நிறுவனமான என்.டி.டி. 1998 இல் 171 என்ற எண்ணில் ஒரு சேவையைத் தொடங்கியது. பாதிக்கப்பட்டவர் தம் நிலையைக் குரலாகப் பதிந்து வைப்பார். தேடுபவர் எங்கிருந்தாவது அதே எண்ணை அழைத்துக் கேட்டுக்கொள்வார். இருவரும் ஒரே நொடியில் இணைப்பில் இருக்கத் தேவையில்லை என்பதே அதன் நுட்பம். நம் வெளியூர் எண் செய்வதும் அதையே.

மாலைக் கணக்கு

காலையில் 42 பேரும் நலம் என்று முடிந்ததும் பல நிறுவனங்கள் பட்டியலை மடித்து வைத்துவிடும். அதே செப்டம்பர் 5 இரவு, பணி முடித்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பிய ஓர் இளம்பெண் ஒயிட்ஃபீல்டை ஒட்டிய பகுதியில் நீர் தேங்கிய சாலையில் தடுமாறி, அருகிலிருந்த மின்கம்பத்தைப் பற்றியபோது மின்சாரம் பாய்ந்து உயிரிழந்தார். அவருடைய பகல் பொழுது எல்லோருடையதையும் போலவே கழிந்திருந்தது.

எனவே அலுவலகத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் இரண்டாவது ஒரு சுற்று உண்டு. புறப்படும்போது ஒரு வரி, வீடு சேர்ந்ததும் ஒரு வரி. புறப்படும் வரியில் இடம் 3 என்றும், சேர்ந்த வரியில் 1 என்றும் இருக்கும். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் வீடு சேர்பவருக்கு அன்று இரண்டு மணி நேரம் கொடுக்கலாம். அதற்கு மேல் இரண்டாவது வரி வரவில்லையென்றால் கிளைத் தலைவர் அழைக்கிறார். கிடைக்காவிட்டால் வீட்டாரை அழைக்கிறார். அன்று வந்தவர்கள் 19 பேர் என்றால், இரவில் தாளில் 19 பெயர்களுக்கு நேரே 19 நேரங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும். பத்தொன்பதாவது நேரம் எழுதப்படும் வரை மேலாளர் கைப்பேசியை அணைப்பதில்லை.